ஆன்மாவையும் எழுதிக் கொடுத்தோம்: 'ஐ அக்ரி' ஜோக்குகள் சொல்வதும் சொல்லாததும்

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஏதாவது ஒரு மொபைல் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். புது போன் வாங்கிய பெரியவர் ஒருவர் திரையை நீட்டி, "தம்பி, இதுல என்னமோ அக்ரீன்னு கேக்கு" என்பார். கடைப் பையன் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான். "அமுக்குங்க அண்ணாச்சி. அமுக்கலேன்னா உள்ள விடாது." பெரியவர் விட மாட்டார். "படிச்சுப் பாக்க வேண்டாமா?" "படிச்சிட்டு வேண்டாம்னா சொல்லப் போறிய?" கடையில் நிற்கிற எல்லோரும் சிரிப்பார்கள், பெரியவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டே அமுக்கிவிடுவார்.

இதே சிரிப்பு இப்போது பல வடிவத்தில் சுற்றுகிறது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையிடம் சிநேகிதன் கேட்பான்: "ஏல, கண்டிஷன் எல்லாம் படிச்சியால?" "படிக்க எங்கல விட்டாங்க, அதுக்குள்ள கெட்டிமேளம்னுட்டாங்க." இன்னொன்று, கிரயப் பத்திரத்தில் நான்குமால் எல்லையை விரல் வைத்துப் படித்து, அரை சென்ட் பிழைக்காகப் பத்திரத்தையே மாற்றி எழுதச் சொன்ன ஒருவர், டார்ச் லைட் ஆப்புக்குக் கிட்னியை எழுதிக் கொடுத்துவிட்டு வந்த கதை. உலகம் முழுக்கச் சொல்லப்படும் ஒரு வரியும் உண்டு: இணையத்தில் மிக அதிகமாகச் சொல்லப்பட்ட பொய், 'படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்' என்பதுதான்.

இவற்றில் கிட்னி ஜோக் மாதிரியான வகைக்கு மட்டும் ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. அதைச் சிலர் நிஜமாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். அபத்தமான ஒரு விதியை நிபந்தனைகளுக்கு நடுவில் ஒளித்துவைத்து, யாராவது கண்டுபிடிக்கிறார்களா என்று காத்திருந்திருக்கிறார்கள். ஜோக் எதைச் சரியாகச் சொல்கிறது, எதைத் தவறவிடுகிறது என்று பார்க்க அந்தச் சோதனைகளே நல்ல இடம்.

பிரபலமானது 2010இல் நடந்தது. பிரிட்டனில் வீடியோ கேம் விற்ற கேம்ஸ்டேஷன் என்ற கடை, ஏப்ரல் 1ஆம் தேதி தன் இணையதள நிபந்தனைகளில் ஒரு விதியைச் சேர்த்தது. அன்றைக்கு ஆர்டர் கொடுப்பவர் தன் அழியாத ஆன்மாவை என்றென்றைக்குமாகக் கோரும் உரிமையைக் கடைக்குக் கொடுக்கிறார். கடை எழுத்து மூலம் கேட்டால் ஐந்து வேலை நாட்களுக்குள் ஆன்மாவை ஒப்படைக்க வேண்டும். அந்த நோட்டீஸை ஆறடி உயர நெருப்பு எழுத்தில் அனுப்பவும் கடைக்கு உரிமை உண்டு. ஆன்மாவைத் தர விருப்பமில்லாதவர்கள் ஓர் இணைப்பைச் சொடுக்கினால் போதும். விலகிக்கொள்ளலாம், கூடவே 5 பவுண்டுக்குக் கூப்பனும் கிடைக்கும். அந்த ஒரே நாளில் சுமார் 7,500 பேர் ஆன்மாவை எழுதிக் கொடுத்தார்கள். 88 சதவீதம் பேர் நிபந்தனைகளைப் படிப்பதில்லை என்று கடை அறிவித்தது. பிறகு, எந்த ஆன்மாவையும் கேட்க மாட்டோம் என்றும் சொல்லிவிட்டது.

இந்த 88 என்ற எண்ணை நான் முழுசாக நம்பவில்லை. அது விலகிக்கொள்ளாதவர்களின் கணக்கு, படிக்காதவர்களின் கணக்கு அல்ல. படித்துச் சிரித்துவிட்டு, 'ஏப்ரல் ஒன்று, விளையாடுகிறான்' என்று கடந்துபோனவரும் ஆன்மாவைக் கொடுத்தவர் பட்டியலில்தான் விழுவார். ஆனால் 5 பவுண்டு கூப்பன் இந்தச் சந்தேகத்தைப் பெருமளவு அடைத்துவிடுகிறது. படித்த எவரும் இலவசக் காசை விட்டுவிட்டுப் போக மாட்டார். அதனால்தான் இந்தச் சோதனை வெறும் விளையாட்டைவிடக் கெட்டியானது.

இதையே பரிசு வைத்தும் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பிசி பிட்ஸ்டாப் என்ற மென்பொருள் நிறுவனம் 2005 வாக்கில், இந்த முகவரிக்கு எழுதினால் பணம் தருகிறோம் என்று தன் ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதிவைத்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிக்கொண்ட பிறகு, நான்கு மாதம் கழித்து ஒரே ஒருவர் எழுதினார். அவருக்கு 1,000 டாலர் கிடைத்தது. 2017இல் மான்செஸ்டரைச் சேர்ந்த பர்ப்பிள் என்ற வைஃபை நிறுவனம், இலவச இணைப்பு வாங்குகிறவர்கள் 1,000 மணி நேரம் சமூக சேவை செய்ய வேண்டும், அதில் திருவிழாக் கழிப்பறைகளைக் கழுவுவதும் அடக்கம் என்று எழுதிவைத்தது. இரண்டு வாரத்தில் 22,000 பேர் ஒப்புக்கொண்டார்கள். விதியைச் சுட்டிக்காட்டியவர் ஒருவர்.

ஆராய்ச்சியாளர்கள் செய்தது இவற்றைவிடத் துல்லியமானது. ஜொனாத்தன் ஓபார், ஆன் ஓல்டார்ஃப் ஹிர்ஷ் என்ற இருவர், நேம்டிராப் என்று இல்லாத ஒரு சமூக ஊடகத்தை உருவாக்கி, 543 கல்லூரி மாணவர்களைச் சேரச் சொன்னார்கள். அதன் நிபந்தனையில், சேவைக்கு விலையாக முதல் குழந்தையைக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. நூற்றுக்கு 98 பேர் அதைக் கவனிக்கவில்லை. முக்கியமானது, அவர்கள் நேரத்தையும் அளந்தார்கள் என்பது. அந்த நிபந்தனைகளைச் சாதாரண வேகத்தில் படிக்கக் கால் மணி நேரமாவது வேண்டும். மாணவர்கள் சராசரியாகச் செலவழித்தது 51 விநாடி. அதாவது பலர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள், படிக்கத்தான் இல்லை.

இத்தனையையும் கேட்டவுடன், சனங்களுக்குச் சோம்பேறித்தனம் என்று முடிவுகட்டத் தோன்றும். ஜோக்குகளும் அதைத்தான் சொல்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2008இல் மெக்டொனால்டு, கிரேனர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஓர் அமெரிக்கர் ஒரு வருடத்தில் போகும் தளங்களின் தனியுரிமைக் கொள்கைகளை எல்லாம் படித்தால் எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட்டார்கள். ஆளுக்குச் சுமார் 244 மணி நேரம் வந்தது. 2016இல் நார்வே நுகர்வோர் கவுன்சில், சாதாரண ஆள் ஒருவரின் போனில் இருக்கக்கூடிய 33 ஆப்களின் நிபந்தனைகளை ஆட்களை வைத்து நேரலையில் வாசிக்கச் சொன்னது. முடிக்க கிட்டத்தட்ட 32 மணி நேரம் ஆனது. பீடி சுற்றிக்கொண்டே பிள்ளையின் ஸ்காலர்ஷிப்புக்குப் போனில் விண்ணப்பம் போடுகிற முக்கூடல் பெண்ணுக்கு இந்த நேரம் எங்கிருந்து வரும்? அதுவும் ஆங்கிலத்தில்.

நேரமே இருந்தாலும் கடைப் பையன் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. படித்துவிட்டு வேண்டாம் என்றா சொல்லப் போகிறோம்? கிரயப் பத்திரத்தைப் படிப்பதில் பலன் உண்டு, ஏனென்றால் தப்பு இருந்தால் விற்பவரிடம் சொல்லி மாற்றலாம். ஆப்பின் பதினேழாவது விதி பிடிக்கவில்லை என்று சொல்ல எதிரில் ஆளே இல்லை. ஒன்று முழுசாக ஏற்கணும், இல்லை போகணும். இப்படிப்பட்ட இடத்தில் படிக்காமல் அமுக்குவது மனிதர்கள் போடும் சரியான கணக்குதான்.

இந்த ஏற்றத்தாழ்வு நம் நீதிமன்றங்களுக்கும் தெரியும். 1986இல் சென்ட்ரல் இன்லேண்ட் வாட்டர் டிரான்ஸ்போர்ட் வழக்கிலும், 1995இல் எல்ஐசி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றிப் பேசியது. புள்ளிக்கோட்டில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லாத பலவீனமான தரப்பிடம், மனசாட்சிக்கு ஒவ்வாத விதியைத் திணித்தால் அது செல்லாது என்பது அந்தத் தீர்ப்புகளின் சாரம். ஆக, 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் ஆன்மா விதியும் கிட்னி விதியும் ஒரு நிமிஷம்கூட நிற்காது. சட்டத்துக்கோ பொது நலனுக்கோ எதிரான நோக்கம் கொண்ட ஒப்பந்தம் செல்லாது என்று அதன் 23ஆம் பிரிவே சொல்கிறது. ஜோக்கில் வரும் அத்தனை பயங்கரமும் அங்கேயே செத்துவிடுகிறது.

செல்லுபடியாவது எது என்றால், யாரும் ஜோக் சொல்லாத, படித்தால் கொட்டாவி வருகிற விதிகள். பொத்தானை அமுக்கிச் செய்த ஒப்பந்தம் என்பதற்காகவே அது செல்லாது என்று சொல்ல முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு அந்த வாதத்தை அடைத்துவிட்டது. தகராறு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம், வழக்கா, வெளியே நடுவரை வைத்துத் தீர்க்கும் மத்தியஸ்தமா, கட்டணத்தை எப்போது மாற்றலாம், சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுமா என்பது மாதிரியானவை அந்த விதிகள். 2024இல் அமெரிக்காவில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். புளோரிடாவில் டிஸ்னி வளாகத்திலுள்ள ஓர் உணவகத்தில் சாப்பிட்ட பிறகு ஒவ்வாமையால் மனைவி இறந்துவிட்டார் என்று கணவர் வழக்குப் போட்டார். டிஸ்னி தரப்பு, இவர் 2019இல் டிஸ்னி பிளஸ் சோதனைச் சந்தாவில் சேர்ந்தபோது தகராறுகளை மத்தியஸ்தத்துக்குக் கொண்டுபோக ஒப்புக்கொண்டார், அதனால் நீதிமன்றத்துக்கு வர முடியாது என்று வாதாடியது. எங்கும் எதிர்ப்பு கிளம்பியதும் வாதத்தைத் திரும்பப் பெற்றது. அந்த வாதம் நின்றிருக்குமா என்பது கடைசிவரை முடிவாகவில்லை. ஆனால் படம் பார்க்க அமுக்கிய பொத்தானைச் சாவு வழக்கில் எடுத்துப் போட ஒரு வக்கீல் துணிந்தார் என்பதே கவனிக்க வேண்டியது.

நம் பக்கத்துக்கு வந்தால், இந்தப் பொத்தானால் நிஜமாக அடிபட்டவர்கள் கடன் ஆப்பில் சிக்கியவர்கள். அவர்களில் யாரையும் நிபந்தனையின் நடுவில் ஒளிந்திருந்த விதி கவிழ்க்கவில்லை. அடுத்த திரைதான் கவிழ்த்தது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். அம்பாசமுத்திரத்தில் ஒருவருக்கு நாற்று நடவுக்குக் கூலி கொடுக்க அவசரமாக 10,000 ரூபாய் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொட்டு ஒரு கடன் ஆப்பை இறக்குகிறார். முதல் திரையில் நிபந்தனைகள், கீழே ஒரு கட்டம். டிக் அடிக்கிறார். இது வரைக்கும் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. அடுத்த நொடி போன் தன் சொந்தப் பெட்டியைக் காட்டும்: இந்த ஆப் உங்கள் தொடர்புகளைப் பார்க்க அனுமதிக்கலாமா? ஒரே வரி. அதுவும் போனின் மொழியைத் தமிழில் வைத்திருந்தால் தமிழிலேயே வரும். படிக்க இரண்டு விநாடி போதும். இதில் வேண்டாம் என்று சொல்லவும் முடியும். ஆனால் முந்தைய திரையில் அமுக்கிய அதே வேகத்தில் விரல் இதையும் அமுக்கிவிடும். போனில் இருக்கும் முந்நூறு நானூறு எண்கள், மச்சினன், சம்பந்தி, ஸ்கூல் டீச்சர், ரேஷன் கடைக்காரர் வரைக்கும், எல்லாம் அந்த ஆப்பின் சர்வருக்குப் போய்விடும். தவணை தவறினால் போன் போவது அவர்களுக்குத்தான். அந்தக் காலத்து வட்டிக்காரர் வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்ட மாதிரிதான் இதுவும்; தேவைப்படும்போது எடுத்து எழுதிக்கொள்வார்.

என் ஆதங்கமே இந்த இடத்தில்தான். பேரம் பேச முடியாத திரைகளை ஆயிரம் தடவை அமுக்கிப் பழகிய விரல், பேரம் பேச முடிந்த ஒரே திரையையும் அதே மாதிரி அமுக்கிவிடுகிறது. 'எதையும் யாரும் படிப்பதில்லை' என்று ஜோக்கு இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சிரிக்க வைக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் 2015க்கு முன்பு இரண்டும் உண்மையிலேயே ஒன்றாகத்தான் இருந்தன. ஆப்பை நிறுவும்போதே எல்லா அனுமதியும் ஒரே பட்டியலில் வரும், எல்லாம் அல்லது ஒன்றுமில்லை. அந்த வருடம் வந்த ஆறாவது பதிப்பில்தான் தொடர்பு, கேமரா, இருப்பிடம் என்று தனித்தனியாகக் கேட்கும் முறை வந்தது.

கடன் ஆப் விஷயத்தில் விதி இப்போது தெளிவாகவே இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் கொடுத்த டிஜிட்டல் கடன் வழிகாட்டுதலில், கடன் ஆப்கள் போனின் தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, கோப்புகள் ஆகியவற்றைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டது. கேமரா, மைக், இருப்பிடம் மாதிரியானவற்றை அடையாளச் சரிபார்ப்புக்காக ஒரு தடவை, அதுவும் கேட்டுவிட்டுப் பயன்படுத்தலாம். 2025 மே மாதம் வந்த புது உத்தரவிலும் இது தொடர்கிறது. கூகுள் பிளே ஸ்டோரும் 2023 மே கடைசியிலிருந்து கடன் ஆப்கள் தொடர்புகளையும் படங்களையும் கேட்பதைத் தடுத்திருக்கிறது. அதனால்தான் மோசமான ஆப்கள் பிளே ஸ்டோருக்கு வெளியே, வாட்ஸ்அப் இணைப்பாகவோ ஏபிகே கோப்பாகவோ வருகின்றன. அம்பாசமுத்திரக்காரருக்கு ஒரு பக்கம் சட்டம்கூடப் படிக்க வேண்டாம். கடன் ஆப் ஒன்று தொடர்புகளைக் கேட்டால், அது விதியை மீறுகிறது என்று அந்தத் திரையிலேயே தெரிந்துவிடுகிறது. அப்படியே மூடிவிட்டு வெளியே வந்துவிடலாம்.

ஒழுங்கான கடனாக இருந்தால் படிக்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு, முக்கியத் தகவல் அறிக்கை. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் வாங்கும் புதிய சில்லறைத் தவணைக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி இதைக் கட்டாயமாக்கியது. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதி. தமிழில் கேட்டு வாங்கலாம். அதில் பார்க்க வேண்டியது ஆண்டுச் சதவீத விகிதம் என்ற ஒரே எண். நம் அம்பாசமுத்திரக்காரருக்கே கணக்குப் போடுவோம். விளம்பரத்தில் மாதம் இரண்டரை சதவீத வட்டி, 30 நாள் தவணை. கடன் 10,000. செயலாக்கக் கட்டணம் வரியோடு 1,000 பிடித்துக்கொண்டு கையில் வருவது 9,000. முப்பதாவது நாள் திருப்பிக் கட்ட வேண்டியது 10,250. ஆக 9,000 ரூபாய்க்கு ஒரு மாதத்தில் 1,250 ரூபாய் செலவு. நம் பேச்சில் சொன்னால் இரண்டரை வட்டி என்று சொல்லிப் பதினாலு வட்டி வாங்குகிறான். அதை வருடத்துக்கு மாற்றினால் ஏறக்குறைய 169 சதவீதம். விளம்பரத்தில் இல்லாத இந்த எண் அறிக்கையில் இருந்தே ஆக வேண்டும். முப்பது பக்க நிபந்தனையைப் படிக்காதவர்கூட இந்த ஒரு எண்ணைப் பார்த்தால் கையை எடுத்துவிடுவார்.

அமுக்கிய பிறகும் வழி முழுசாக அடைபடுவதில்லை. டிஜிட்டல் கடனில் குறைந்தது ஒரு நாளாவது மறுபரிசீலனைக் காலம் கொடுக்க வேண்டும். அதற்குள் அசலையும், அந்த நாட்களுக்கான வட்டிக் கணக்கையும் கட்டிவிட்டு, அபராதம் இல்லாமல் விலகலாம். செயலாக்கக் கட்டணத்தை மட்டும், முன்கூட்டியே அறிக்கையில் சொல்லியிருந்தால், அவர்கள் வைத்துக்கொள்ளலாம்.

2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இந்த ஜோக்கின் அடிமடியிலேயே கை வைக்கிறது. சட்டத்துக்குள்ளேயே ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பெண் டெலிமெடிசின் ஆப்பை இறக்குகிறார். மருத்துவ சேவைக்கும், கூடவே போனின் தொடர்புப் பட்டியலுக்கும் ஆப் ஒப்புதல் கேட்கிறது. இரண்டுக்கும் சரி என்கிறார். அப்படிச் சரி சொல்லியிருந்தாலும் ஒப்புதல் மருத்துவ சேவைக்குத் தேவையான அளவுக்குத்தான் செல்லும், தொடர்புப் பட்டியலுக்குச் செல்லாது. 'அமுக்கிட்டியே, இனி என்ன செய்ய முடியும்' என்ற பேச்சுக்கு இது நேர் பதில். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதிலும் பார்க்கும் வசதி வேண்டும் என்றும் இருக்கிறது. தமிழும் அதில் ஒன்று. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஒப்புதல் பற்றிய பகுதிகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். தமிழில் மொழிபெயர்த்த முப்பது பக்கத்தையும் யாரும் படிக்கப் போவதில்லை என்பது என் கணிப்பு. ஆனால் எதற்காக எந்தத் தகவலை எடுக்கிறோம் என்பதைத் தனியாக, எளிய மொழியில் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை சரியாக நடந்தால், அந்த அறிவிப்பைப் படிக்க ஆள் இருக்கும்.

ஏற்கெனவே அனுமதி கொடுத்துவிட்டவர்கள் போனின் செட்டிங்ஸில் ஆப்ஸ் என்ற பகுதிக்குப் போய், அந்த ஆப்பின் பெர்மிஷனில் தொடர்புகளை நிறுத்திவிடலாம். அதற்கு முன்பே நகலெடுத்துப் போன எண்கள் இதனால் திரும்பி வரமாட்டா, அதைத் தெரிந்துகொண்டே செய்ய வேண்டும். கடன் கொடுத்தது ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனம் என்றால், முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு, 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் கொடுக்கலாம். தொடர்பில் உள்ளவர்களுக்குப் போன் போட்டு மிரட்டுகிறார்கள், படத்தை மாற்றி அனுப்புகிறார்கள் என்றால் அது போலீஸ் விவகாரம். 1930 என்ற எண்ணுக்குச் சொல்லலாம், மாவட்ட சைபர் கிரைம் பிரிவுக்கு நேரில் போகலாம். போகும்போது மிரட்டல் செய்திகளின் ஸ்கிரீன் ஷாட், வந்த எண்கள், பணம் வரவான தேதி, அந்த ஆப்பை இறக்கிய இணைப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஆப்பை அவசரப்பட்டு முதலிலேயே அழித்துவிட்டால் பாதி ஆதாரம் அதோடு போய்விடும்.